முதல் மணியிலேயே எடுப்பவர் யார்?

விமான நிறுவனத்தின் கஸ்டமர் கேருக்கு உண்மையாகவே பேசிப் பார்த்தவர்களுக்கு அந்த அனுபவம் தெரியும். மொழிக்கு ஓர் எண்ணை அழுத்து, உள்நாட்டுப் பயணத்துக்கு இன்னோர் எண்ணை அழுத்து, அப்புறம் பாட்டு. பொறுமை தீரும் நேரத்தில்தான் ஒரு குரல் வரும். ஆனால், இணையத்தில் தேடி எடுத்த எண்ணுக்குப் போன் போட்டால், சில சமயம் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறார்கள். “சொல்லுங்க சார், ஏர்லைன்ஸ் சப்போர்ட்” என்று குரலில் அத்தனை கனிவு.

எந்த ஏர்லைன்ஸ் என்பதை அவர் சொல்லவில்லை, கவனித்தீர்களா? அவரால் சொல்ல முடியாது. அதே எண்ணை ஏழெட்டு விமான நிறுவனங்களின் பெயரில் இணையம் முழுக்கத் தூவி வைத்திருப்பார்கள். எதைத் தேடி வந்தீர்கள் என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லும்வரை அவருக்குத் தெரியாது. “நீங்க எந்த ஏர்லைன்ஸ்ல இருந்து பேசுறீங்க?” என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். “எல்லா ஏர்லைன்ஸுக்கும் நாங்கதான் சார் பார்க்கிறோம்” என்று பதில் வந்தால் போனை வைத்துவிடலாம்.

அந்த எண் எப்படித் தேடல் முடிவின் உச்சிக்கு வந்தது என்பதுதான் பலருக்குப் புரியாத விஷயம். கூகுளில் முதலில் வருவது சரியானதாகத்தான் இருக்கும் என்று நம்மில் பெரும்பாலானோர் நினைக்கிறோம். முதலில் வருவது பல நேரம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். அதன் தலையில் `Sponsored` என்று சின்னதாக எழுதியிருக்கும். கைபேசித் திரையில் அது கண்ணில் படுவதே இல்லை. ஒரு நிறுவனத்தின் பெயரோடு ‘ரீஃபண்ட்’, ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்ற சொற்களைச் சேர்த்துத் தேடுபவர் ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கிறார் என்பது மோசடிக்காரர்களுக்குத் தெரியும். அந்தச் சொற்களுக்குத்தான் அவர்கள் விளம்பரம் போடுகிறார்கள்.

விளம்பரம் இல்லாத முடிவுகளிலும் எண்ணை நுழைத்துவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் கோப்பு ஏற்றலாம், கேள்வி கேட்கலாம் என்று திறந்து கிடக்கும் பெரிய தளங்களில், விமான நிறுவனத்தின் பெயரும் தங்கள் எண்ணும் சேர்ந்த பக்கங்களை நூற்றுக்கணக்கில் போட்டுவைப்பார்கள். அந்தத் தளத்துக்கு இருக்கும் நல்ல பெயரால் பக்கம் மேலே வந்துவிடும். கூகுள் மேப்பில் ஓர் அலுவலகத்தின் தொலைபேசி எண்ணைத் திருத்தச் சொல்லி யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். 2018-ல் மகாராஷ்டிரத்தில் ஒரு வங்கியின் கிளைகளுக்கு இந்த வழியில் எண்ணை மாற்றி, போன் செய்தவர்களை ஏமாற்றியது செய்தியாக வந்தது.

இவை எல்லாவற்றையும்விடத் தந்திரமான ஒன்றை 2025 ஜூனில் மால்வேர்பைட்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. விளம்பரத்தை அழுத்தினால் போலித் தளத்துக்குப் போவதில்லை, உண்மையான நிறுவனத்தின் உண்மையான தளத்துக்கே போகிறது. ஆனால் அந்தத் தளத்தின் தேடல் பெட்டியில், ‘உதவிக்கு இந்த எண்ணை அழையுங்கள்’ என்ற வாசகத்தை முன்கூட்டியே நிரப்பி அனுப்பியிருப்பார்கள். தேடல் பெட்டியில் தட்டச்சு செய்ததை அப்படியே பெரிய எழுத்தில் திருப்பிக் காட்டுவது பல தளங்களின் வழக்கம். ஆகவே, முகவரி சரியாக இருக்கும், சின்னம் சரியாக இருக்கும், நடுவில் இருக்கும் எண் மட்டும் திருடனுடையதாக இருக்கும். மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய பெயர்களின் தளங்களையே இப்படிப் பயன்படுத்தியிருந்தார்கள். முகவரிப் பட்டையைப் பார்த்தால் போதும் என்று இத்தனை நாள் சொல்லிவந்த அறிவுரைக்கு இது ஒரு அடி.

இனி அந்தப் போனின் மறுமுனையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கீழே வருபவர் கற்பனைப் பாத்திரம். அவருக்கு நடப்பவை புகார்களில் திரும்பத் திரும்ப வருபவை.

கும்பகோணத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். மகளின் பிரசவத்துக்காகத் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போக டிக்கெட் எடுத்திருக்கிறார். தேதியை ஒரு வாரம் தள்ளிப்போட வேண்டும். தேடி எடுத்த எண்ணுக்குப் பேசுகிறார்.

“பிஎன்ஆர் நம்பரும் டிக்கெட்ல இருக்கிற பெயரும் சொல்லுங்கம்மா” என்கிறது குரல். சொல்கிறார். அரை நிமிடம் கழித்து, “பதினெட்டாம் தேதி, நைட் ஃப்ளைட், ஜன்னல் சீட், சரிங்களாம்மா?” என்று எல்லாவற்றையும் அப்படியே ஒப்பிக்கிறது. ஆசிரியைக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் இங்கே போய்விடுகிறது. நிறுவனத்து ஆளாக இல்லாவிட்டால் இதெல்லாம் எப்படித் தெரியும்?

தெரிவதற்கு நிறுவனத்து ஆளாக இருக்க வேண்டியதே இல்லை. ஆறு எழுத்து-எண்கள் கொண்ட பிஎன்ஆரும் பயணியின் குடும்பப் பெயரும் இருந்தால், விமான நிறுவனத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் அந்த முன்பதிவைத் திறந்து பார்க்கலாம். அவர் கொடுத்த தகவலை வைத்தே பக்கத்தைத் திறந்து அவருக்கே படித்துக் காட்டுகிறார்கள். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் பாதி மோசடிகள் இந்த இடத்திலேயே நின்றுபோகும் என்பது என் எண்ணம். பயணச்சீட்டைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடுபவர்களும் இதை யோசிக்கலாம்.

அடுத்த படி பணம். “இந்த டிக்கெட்டில் தேதி மாற்ற முடியாதும்மா, கேன்சல் பண்ணிப் புதுசா போடணும். பழைய பணம் முழுசா ரீஃபண்ட் வந்துரும்” என்கிறார்கள். பிறகு யுபிஐ செயலியைத் திறக்கச் சொல்லி, தொகை போடும் கட்டத்தில் ‘ரீஃபண்ட் கோடு’ என்று 14236 என்ற எண்ணைப் போடச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு பின் நம்பர். ஆசிரியையின் மனதில் அது ஒரு குறியீட்டு எண். செயலிக்கு அது 14,236 ரூபாய். பணம் வருவதற்கு யுபிஐ பின் எந்தக் காலத்திலும் தேவையில்லை. பின் போடுகிறோம் என்றாலே நம் கணக்கிலிருந்து பணம் போகிறது என்று பொருள், அல்லது நம் இருப்பை நாமே பார்க்கிறோம். தவிர, முறையான ரீஃபண்ட் பணம் வந்த வழியிலேயே திரும்பும். கார்டில் கட்டியது கார்டுக்கு, ஏஜென்ட் மூலம் எடுத்தது ஏஜென்ட் வழியாக. யாரும் போனில் கூடவே இருந்து வழிநடத்த வேண்டிய வேலை அதில் எதுவும் இல்லை.

பணம் போனதைக் கண்டு அவர் பதறும்போது மூன்றாம் படி தொடங்கும். “சிஸ்டம் எரர்ம்மா, உடனே ரிவர்ஸ் பண்ணித் தர்றேன்” என்று சொல்லி, எனிடெஸ்க் போன்ற ஒரு திரைப் பகிர்வுச் செயலியை இறக்கச் சொல்வார்கள், அல்லது வாட்ஸப்பில் ஏபிகே கோப்பு ஒன்றை அனுப்புவார்கள். முன்னது உங்கள் திரையை அவருக்குக் காட்டும். ஓடிபி வந்ததும் நீங்கள் வாய் திறக்காமலே அவர் படித்துவிடுவார். பின்னது உங்களுக்கு வரும் குறுஞ்செய்திகளை அவருக்கு அனுப்பிவைக்கும். 14,236 ரூபாயில் நின்றிருக்க வேண்டிய இழப்பு, கணக்கில் இருந்த மொத்தமாக மாறுவது இந்தப் படியில்தான். முதல் இழப்போடு போனை வைத்துவிடுபவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் எண்ணை எங்கே எடுப்பது? தேடல் பக்கத்தில் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். டிக்கெட் மின்னஞ்சலில் வந்த பிடிஎஃப்பில் இருக்கும். நிறுவனத்தின் செயலியில் இருக்கும். முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போனால் (`airindia.com`, `goindigo.in`, `srilankan.com`) அங்கே தொடர்புப் பக்கத்தில் இருக்கும். எண்ணின் தோற்றத்தை வைத்து முடிவுகட்ட முடியாது. பத்து இலக்கக் கைபேசி எண் என்றால் சந்தேகம் நியாயம்தான். ஆனால் 1800 என்று தொடங்குவதாலேயே உண்மை ஆகிவிடாது, காசு கொடுத்தால் அதுவும் கிடைக்கும். ஏற்கெனவே ஒரு எண் கையில் இருந்தால், அந்த எண்ணையே தேடல் பெட்டியில் போட்டுத் தேடுங்கள். ஒரே எண் மூன்று விமான நிறுவனம், ஒரு வங்கி, ஒரு ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் கடை என்று வந்து நின்றால் வேறு சாட்சி வேண்டாம். எக்ஸ் தளத்தில் நிறுவனத்தைத் திட்டிப் பதிவு போட்டவுடன், அதே சின்னத்தோடு, “சிரமத்துக்கு மன்னிக்கவும், உங்கள் கைபேசி எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பவும்” என்று வரும் பதிலும் பெரும்பாலும் இதே ஆட்கள்தான். அங்கே போன் செய்ய வேண்டிய சிரமம்கூட உங்களுக்கு இல்லை, அவர்களே கூப்பிடுவார்கள்.

இனி, பணம் கட்டி ஒன்றை வாங்கும் இடம். 2025 ஏப்ரலில் இந்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. கேதார்நாத் ஹெலிகாப்டர், யாத்ரீகர் விடுதிகள், வாடகைக் கார், சுற்றுலாப் பேக்கேஜ் என்று போலித் தளங்களும் போலிப் பக்கங்களும் பெருகியிருக்கின்றன என்பது அதன் சாரம். சார்தாம் யாத்திரைக்கு நம் ஊர்களிலிருந்து ஆண்டுதோறும் குழு குழுவாகப் போகிறார்கள் என்பதால் இந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

கேதார்நாத் ஹெலிகாப்டருக்கு அதிகாரபூர்வமான இணைய முன்பதிவு ஓரிடத்தில்தான் நடக்கிறது: `heliyatra.irctc.co.in`. முன்பதிவு திறந்ததும் இடங்கள் மளமளவென்று தீர்ந்துவிடும். கிடைக்காதவர்கள் வேறு வழி தேடுவார்கள், அந்தத் தேடல்தான் போலித் தளங்களுக்குத் தீனி. தளத்தின் பெயரை எப்படிப் படிப்பது என்பதற்கு இந்த முகவரியே நல்ல பாடம். வலது கோடியிலிருந்து படிக்க வேண்டும். `co.in` என்பது வால். அதற்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் `irctc` தான் உரிமையாளர். அதற்கும் இடப்பக்கம் இருக்கும் `heliyatra` அந்த உரிமையாளர் தன் விருப்பப்படி வைத்துக்கொண்ட உட்பெயர். இப்போது இதைப் பாருங்கள்:

```
irctc.co.in.heli-booking.example
```

விளக்கத்துக்காக இட்டுக்கட்டிய முகவரி இது. வால் `example`, உரிமையாளர் `heli-booking`. இடது பக்கத்தில் எழுதியிருக்கும் `irctc.co.in` வெறும் ஒட்டுப்பெயர். கைபேசியில் இடது பாதி மட்டும் தெரியும் என்பதால்தான் உண்மையான பெயரை அங்கே வைக்கிறார்கள். பூட்டுச் சின்னத்தை நம்பவே வேண்டாம். உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை மூன்றாம் ஆள் படிக்க முடியாது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. திருடனிடம் பத்திரமாகப் போய்ச் சேரும், அவ்வளவே. அந்தச் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது.

பெயரைவிட உறுதியான அடையாளம் ஒன்று கேதார்நாத் விஷயத்தில் உண்டு. உத்தரகண்ட் அரசின் யாத்திரைப் பதிவை முடித்தவர்களுக்குத்தான் ஹெலிகாப்டர் டிக்கெட். அந்தப் பதிவு எண்ணைக் கேட்காமலே, பெயரும் வயதும் ஆதார் படமும் மட்டும் வாங்கிக்கொண்டு “கன்ஃபர்ம் ஆயிடுச்சு, மீதிப் பணம் போடுங்க” என்பவரால் உண்மையான டிக்கெட் எடுத்திருக்கவே முடியாது. எந்தப் பொருளானாலும் இதுபோல, அதை முறையாக விற்க என்ன தகவல் கட்டாயம் தேவை என்று முதலில் தெரிந்துகொண்டு, விற்பவர் அதைக் கேட்கிறாரா என்று பார்க்கலாம்.

விமான டிக்கெட்டை ஏஜென்ட்டிடம் வாங்கும்போது இந்தச் சோதனை வேறு வடிவம் எடுக்கும். பிஎன்ஆர் வந்துவிட்டாலே டிக்கெட் வந்துவிட்டதாக எண்ணுகிறோம். பிஎன்ஆர் என்பது இடத்தைப் பிடித்துவைத்ததற்கான குறிப்பு மட்டும். பணம் கட்டாமலும் சில காலம் அதை உயிரோடு வைத்திருக்க முடியும். அதற்குள் உங்களிடம் பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிடலாம். பணம் கட்டி உறுதியானதற்கு அடையாளம் 13 இலக்க இ-டிக்கெட் எண். அதன் முதல் மூன்று இலக்கங்கள் விமான நிறுவனத்தைக் குறிக்கும்: ஏர் இந்தியாவுக்கு 098, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618, ஸ்ரீலங்கனுக்கு 603, எமிரேட்ஸுக்கு 176. ஏஜென்ட் அனுப்பிய தாளில் இதைப் பார்ப்பதில் பயனில்லை, அதை யாரும் தட்டச்சு செய்யலாம். நிறுவனத்தின் தளத்தில் பிஎன்ஆரைப் போட்டு, அங்கே இந்த எண் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சில சிக்கன விமான நிறுவனங்கள் பிஎன்ஆரை மட்டும் வைத்தே நடக்கின்றன; அங்கே பதிவு ‘உறுதி’ நிலையில் இருக்கிறதா, ‘நிறுத்திவைப்பு’ நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி. சில நாள் கழித்து இன்னொரு முறையும் பாருங்கள். திருட்டு கார்டில் எடுத்த டிக்கெட் முதல் நாள் சரியாகவே தெரியும். கார்டின் சொந்தக்காரர் புகார் செய்ததும் ரத்தாகிவிடும். உங்கள் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் பதிவில் இருக்கின்றனவா என்பதும் முக்கியம். ஏஜென்ட்டின் எண்ணே இருந்தால், ரத்துத் தகவலும் அவருக்குத்தான் போகும்.

விற்பவர் யார் என்று தெரிந்துகொள்ள இந்தியாவில் ஓர் எளிய வழி இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். `gst.gov.in` தளத்தில் `Search Taxpayer` என்ற இடத்தில் அதைப் போட்டால், கணக்கு எதுவும் தொடங்காமலே, பதிவான பெயர், பதிவு செய்த தேதி, பதிவு இன்னும் நடப்பில் உள்ளதா என்பவை வந்துவிடும். எண்ணையே கொஞ்சம் உற்றுப் பார்க்கவும் செய்யலாம். 15 இடங்கள் கொண்டது அது. முதல் இரண்டும் மாநிலம். தமிழ்நாடு என்றால் 33. அடுத்த பத்தும் பான் எண். மொத்தத்தில் ஆறாவதாக வரும் எழுத்து, பான் யாருடையது என்று சொல்லும்: ‘P’ என்றால் தனிநபர், ‘C’ என்றால் கம்பெனி, ‘F’ என்றால் கூட்டு நிறுவனம். தளத்தில் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று பெரிதாகப் போட்டுவிட்டு ஆறாவது எழுத்து ‘P’ ஆக இருந்தால், யாரோ ஒருவர் பொய் சொல்கிறார். இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். விற்றுமுதல் குறைவான சின்ன ஏஜென்ட்டுக்கு ஜிஎஸ்டி எண் இல்லாமல் இருப்பது குற்றமல்ல. இன்னொருவரின் எண்ணைத் திருடிப் போட்டிருக்கவும் கூடும். ஐயாட்டா சின்னமும் இப்படித்தான்: படத்தை நகலெடுத்து ஒட்டுவது சுலபம், எண்ணைக் கேட்டு `iata.org` தளத்தில் சரிபார்க்க முடியும், ஆனால் நம் ஊர்ப் பஸ் ஸ்டாண்ட் அருகே இருக்கும் நேர்மையான ஏஜென்ட் பலர் பெரிய ஏஜென்சியின் கீழ் டிக்கெட் போடுபவர்கள், சொந்த எண் இருக்காது.

அதனால்தான் எல்லாச் சோதனைகளையும்விடக் கடைசிச் சோதனைக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன்: பணம் போய்ச் சேரும் கணக்கின் பெயர். தளத்தை நகலெடுக்கலாம், ஜிஎஸ்டி எண்ணைத் திருடலாம், வங்கிக் கணக்கின் பெயரை மாற்றுவது அத்தனை சுலபமில்லை. யுபிஐயில் பணம் அனுப்பும் முன் எதிராளியின் பெயர் திரையில் வரும். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ்ஸில் வெகு காலமாகக் கணக்கு எண்ணை மட்டும் பார்த்தே பணம் போய்க்கொண்டிருந்தது. ரிசர்வ் வங்கியின் உத்தரவால் 2025 ஏப்ரல் முதல் அங்கேயும் பெயரைப் பார்த்துவிட்டு அனுப்பும் வசதி வந்திருக்கிறது. ஜிஎஸ்டி தளத்தில் பார்த்த பெயரும் இந்தப் பெயரும் பொருந்த வேண்டும். ‘டூர்ஸ் அண்ட் டிராவல்ஸ்’ என்று பேசியவரின் கணக்கு யாரோ ஒரு தனிநபரின் பெயரில், அதுவும் வேறு மாநிலத்தில் இருந்தால், “அக்கவுண்டன்ட் பெயர் சார்” என்ற விளக்கத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். கிரெடிட் கார்டு இருந்தால் அதில் கட்டுங்கள். சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் தகராறு எழுப்பிப் பணத்தைத் திரும்பக் கேட்க அதில் ஒரு வழி இருக்கிறது. நாமே பின் போட்டு அனுப்பிய யுபிஐ பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. “கார்டு மெஷின் ரிப்பேர், ஜிபே பண்ணிருங்க, ஐந்து சதவீதம் குறைச்சுக்கலாம்” என்ற சலுகையின் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

பணம் போய்விட்டால் 1930. திருடிய பணம் ஒரு கணக்கில் தங்காது; கூலிக்கு வாங்கிய கணக்குகள் வழியாக அடுத்தடுத்து நகரும். எங்கே இருக்கிறதோ அங்கே முடக்குவதுதான் அந்த எண்ணின் வேலை, ஆகவே மறுநாள் காலை என்று காத்திருக்கக் கூடாது. பரிவர்த்தனை எண், நேரம், தொகை, எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு என்பவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் வேலை வேகமாக நடக்கும். பிறகு `cybercrime.gov.in` தளத்தில் புகாரை எழுத்தில் பதியலாம். வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2017-ல் வகுத்த விதிப்படி, வாடிக்கையாளரே ரகசிய எண்ணைக் கொடுத்துவிட்ட வழக்குகளில் வங்கியிடம் தெரிவிக்கும்வரை ஆன இழப்பு அவருடையது, தெரிவித்த பிறகு ஆவது வங்கியுடையது. திரைப் பகிர்வுச் செயலியை இறக்கியிருந்தால் இணையத்தைத் துண்டித்து அதை நீக்கிவிட்டு, வேறொரு போனிலிருந்து வங்கிக்குப் பேசுவது நல்லது. பிஎன்ஆரைக் கொடுத்திருந்தால் விமான நிறுவனத்திடமும் சொல்லுங்கள். அதை வைத்து டிக்கெட்டையே ரத்துசெய்துவிட முடியும்.

புகார் கொடுத்த சில நாளில், “சைபர் செல்லிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் கிடைத்துவிட்டது, விடுவிக்க ஒரு சின்னக் கட்டணம்” என்று ஓர் அழைப்பு வரக்கூடும். ஏமாந்தவர்களின் பட்டியலும் கை மாறும். முடக்கிய பணம் திரும்புவதாக இருந்தால் வங்கி வழியாக உங்கள் கணக்குக்கு வரும். அதற்கு முன்கட்டணம் எதுவும் கிடையாது.